விரத நாளில் ஒரு தம்ளர் சர்க்கரைத் தண்ணீர்

நானும் என் கணவரும் பிரிந்தபோது பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. அவருக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. முதலில் வாரம் ஒருமுறை வந்தார், பிறகு மாதம் ஒருமுறை, பிறகு அவருடைய வக்கீல் போன் செய்தார். கோர்ட்டில் நீதிபதி அம்மா, "நல்லா யோசிச்சீங்களா?" என்று கேட்டார். யோசித்தேன் என்றேன். வெளியே வந்து வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். அழுகை வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. செருப்பின் வார் அறுந்திருந்தது. அதைத் தைக்கக் கொடுத்து, வாங்கி மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

செங்கம் ரோட்டில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் ரிசப்ஷனில் இருக்கிறேன். வருகிறவர்களின் ஆதாரையோ பாஸ்போர்ட்டையோ வாங்கிப் பதிந்து, சாவி கொடுத்து, வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்வது என் வேலை. சிரித்தபடியே சொல்ல வேண்டும். அது பழகிவிட்டது. உள்ளே என்ன இருந்தாலும், ஒன்றும் இல்லாவிட்டாலும், முகம் தன் பாட்டுக்குச் சிரித்துவிடும்.

சமையலை எப்போது விட்டேன் என்று சரியாகச் சொல்ல முடியாது. ஒரு ஆளுக்காகக் குக்கர் வைப்பது வேண்டாத வேலையாகத் தோன்றியது. மாவு வாங்கி வைத்தால் புளித்துப் போனது. காலையில் டீக்கடையில் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. வேலைக்கு வந்ததும் இன்னொன்று. பதினோரு மணிக்கு ஒன்று. மதியம் சாப்பிட வெளியே போக எழுந்தால், யாராவது ரூம் கேட்டு வந்துவிடுவார்கள். வராவிட்டாலும் போகத் தோன்றாது. பசித்தால்தானே போவதற்கு? வயிறு என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் நாலு பரோட்டா வாங்கிப் போய், டிவி முன்னால் உட்கார்ந்து, என்ன ஓடுகிறது என்றுகூடத் தெரியாமல் தின்று முடிப்பேன்.

அந்த நாட்களில்தான் நடுக்கம் ஆரம்பித்தது.

முதல்முறை வந்தபோது ஒரு குடும்பத்துக்குச் சாவி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். விரல்கள் ஆடின. சாவி வளையத்தில் தொங்கிய கட்டை மேஜையில் கடகடவென்று அடித்தது. நெஞ்சு துடித்தது. கழுத்துக்குப் பின்னால் ஈரமாக வியர்த்தது. ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்ற நினைப்பு, எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் வந்து உட்கார்ந்துகொண்டது. வேறு எதற்கும் அசையாத மனசு இதற்கு மட்டும் எப்படிப் பயப்படுகிறது என்று எனக்கே விசித்திரமாக இருந்தது. பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் உடம்பு பயந்தது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கிளினிக்கில் ஈசிஜி எடுத்தார்கள். நன்றாக இருக்கிறது, டென்ஷனாக இருக்கும் என்றார்கள். என் சித்தி போனில் கண்ணேறு என்றாள், எலுமிச்சம்பழம் சுற்றிப் போடச் சொன்னாள். இரண்டையும் கேட்டுக்கொண்டேன். இரண்டிலும் எனக்கு எந்தக் கருத்தும் இல்லை.

என் வீட்டுக்காரம்மாவை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கீழ் வீட்டில் அவரும் அவர் கணவரும், மாடியில் நான். அக்காவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை வியாதி. காலையும் இரவும் தானே வயிற்றில் இன்சுலின் போட்டுக்கொள்வார். போட்டுக்கொண்டே பேசுவார். தெருவில் யார் வீட்டில் என்ன நடந்தது என்பதெல்லாம் எனக்கு அந்த ஊசி நேரத்தில்தான் தெரியும்.

ஒரு சாயங்காலம் மாடிப்படி ஏற முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா பார்த்துவிட்டார்.

"என்னமா, இப்படி வேர்க்குது உனக்கு? கையக் காட்டு."

காட்டினேன். ஆடியது.

"உள்ள வா. இது நான் பாக்காத நடுக்கமா?"

சர்க்கரை பார்க்கும் தன் மெஷினை எடுத்து, புது ஊசி போட்டு, என் விரல் நுனியில் குத்தினார். அறுபத்து மூன்று என்று வந்தது.

"கம்மியா இருக்குடி. காலையில இருந்து என்ன சாப்ட?"

"டீ."

"டீ சரி. சாப்ட்டது என்ன?"

அவர் வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து ஒரு சொம்பு நிறையக் கொடுத்தார். குடித்தேன். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் கை நின்றது. உள்ளே யாரோ சத்தமாக வைத்திருந்த ரேடியோவை நிறுத்தியதுபோல் இருந்தது.

"பையில மிட்டாய் வச்சுக்கோ. நடுங்குச்சுன்னா வாயில போட்டுக்கோ. அவ்ளோதான்," என்றார் அக்கா.

அப்படியே செய்தேன். மேஜை டிராயரில் ஆரஞ்சு மிட்டாய் பாக்கெட். நடுங்கினால் இரண்டு மிட்டாய், நின்றால் மறுபடி வேலை. சாப்பாட்டுக்குப் போக இப்போது இன்னும் காரணம் இல்லாமல் போயிற்று. ஆனால் மிட்டாய் தின்ற ஒன்றிரண்டு மணி நேரத்தில் நடுக்கம் திரும்பி வந்தது, முன்னைவிட வேகமாக. மறுபடி மிட்டாய். ஒரு நாள் வந்திருந்த டூரிஸ்ட் ஒருவர், "மேடம், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். முகம் சிரித்தது. கை கையெழுத்துப் போட மறுத்தது.

அக்காதான் என்னைத் தன்னுடைய டாக்டரிடம் அழைத்துப் போனார். நடு வயதுப் பெண். அவசரமில்லாமல் கேட்டார். ஏதாவது மாத்திரை எடுக்கிறேனா, எடை குறைந்திருக்கிறதா, வீட்டில் யாருக்காவது சர்க்கரை உண்டா, மாதவிடாய் சரியாக வருகிறதா. ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். ஒரு நாள் முழுக்க என்ன சாப்பிட்டேன் என்று கேட்டார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"மிட்டாய் சாப்பிட்டா நிக்குது, திரும்பவும் வருது. அப்படித்தானே?"

"ஆமாங்க."

"வெறும் வயித்துல இனிப்பு மட்டும் போனா சுகர் சர்ருனு ஏறும். ஏறுனத எறக்க உடம்பு இன்சுலின சுரக்கும். சில சமயம் அது ஜாஸ்தியாயிடும். சுகர் மளமளன்னு எறங்கும். எறங்குறப்போ உடம்பு அட்ரினலின்னு ஒண்ண விடும். நாய் தொரத்துனா நெஞ்சு அடிக்குமே, கை நடுங்குமே, அதே சமாச்சாரம்தான். நாயே இல்ல, ஆனா உடம்பு ஓடத் தயாராயிடுது. அதுக்கு மேல நாலஞ்சு டீ வேற. டீயும் படபடப்பு குடுக்கும்."

"அப்போ பயம் இல்லையா இது?"

"ரெண்டுக்கும் ஒரே வாசல்மா. சுகர் எறங்குனாலும் அதே நடுக்கம், மனசு பயந்தாலும் அதே நடுக்கம். அதனால ஒவ்வொரு நடுக்கத்துக்கும் சுகர்தான் காரணம்னு வச்சுக்காதீங்க. மொதல்ல சாப்பாட்ட சரி பண்ணுவோம். அதுக்கப்புறமும் மிச்சம் இருந்தா அதப் பாப்போம்."

எனக்குப் பசி தெரிவதில்லை என்று சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். என் கதையை அக்காவே முன்பே சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

"பசிக்குதான்னு பாக்காதீங்க. கடிகாரத்தப் பாருங்க. மாத்திரை போடுற மாதிரி சாப்பாட்டப் போடுங்க. எழுந்து ஒரு மணி நேரத்துக்குள்ள ஏதாவது. டீ அதுக்கப்புறம். இட்லி மட்டும் இல்ல, கூட சாம்பாரு, முட்டை, சுண்டல் எது கெடைக்குதோ. நடுவுல ஒரு கை வேர்க்கடலை. ரொம்ப நேரம் வெறும் வயிறா விடாதீங்க."

ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை வியாதி இல்லை, தைராய்டு இல்லை. ரத்தம் மட்டும் கம்மியாக இருந்தது. இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள்.

சொன்னபடி சாப்பிட்டேன். ருசித்துச் சாப்பிட்டேன் என்று சொல்ல மாட்டேன். காலையில் இட்லியை முட்டையோடு வாயில் வைத்து, மென்று, விழுங்கினேன், பல் தேய்ப்பதுபோல். பதினோரு மணிக்கு டீக்குப் பதில் வேகவைத்த கடலை. இந்த ஊரில் கடலைக்குப் பஞ்சமில்லை, தெருவுக்கு ஒரு தள்ளுவண்டி நிற்கிறது. மதியம் டப்பாவில் சாதமும் கீரையும் பருப்பும். நாலு மணிக்கு மோர், சில நாள் சுண்டல். ராத்திரி தோசை இரண்டு, கூடக் கொஞ்சம் தயிர். பரோட்டாவை நான் நிறுத்தவில்லை, அதுவாகவே குறைந்தது. சாயங்காலம் வீடு திரும்பும்போது அத்தனை தின்ன வேண்டிய வெறி இல்லை.

நடுக்கம் ஒரே நாளில் போய்விடவில்லை. வாரத்தில் ஓரிரு நாள் வந்தது, பிறகு எப்போதாவது. ஒருமுறை நன்றாகச் சாப்பிட்ட பிறகும் வந்தது. கீழே போய் அக்காவின் மெஷினில் பார்த்தேன். தொண்ணூற்று இரண்டு. அன்று காலை வக்கீல் ஆபீஸிலிருந்து ஒரு கவர் வந்திருந்தது, நான் அதைப் பிரிக்காமல் ஃபிரிட்ஜின் மேல் வைத்திருந்தேன். மெஷினைத் துடைத்து அக்காவிடம் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய் உட்கார்ந்தேன். நடுக்கம் தானாக அடங்கும் வரை உட்கார்ந்திருந்தேன். அடங்கியது.

பிறகு கார்த்திகை தீபம் வந்தது.

தீபத்தன்று எங்கள் ஊரில் நிறையப் பேர் மலையில் ஜோதி தெரியும் வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். அக்காவும் அப்படித்தான், கல்யாணமான நாளிலிருந்து. அந்த வருஷம் டாக்டர், ஊசி போட்டுக்கொண்டு பட்டினி கிடக்கக் கூடாது என்று என் முன்னாலேயே சொல்லியிருந்தார். அக்கா தலையாட்டினார். ஆட்டோவில் வரும்போது, "அவங்க சொல்றத சொல்வாங்க. வருஷா வருஷம் இருக்கேன், ஒண்ணும் ஆகல," என்றார்.

நான் அன்று விடியற்காலையிலேயே வேலைக்குப் போய்விட்டேன். எல்லா ரூமும் நிறைந்திருந்தது. மதியம் இரண்டு மணிக்குமேல் அனுப்பினார்கள். வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டதால் கூட்டத்தோடு கூட்டமாக நடந்து வந்தேன். அக்காவின் கணவர் அன்னதானப் பந்தலில் பரிமாறப் போயிருந்தார். அவர் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது.

அக்கா அடுப்படித் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். முன்னால் பெரிய தாம்பாளத்தில் பொரி, பக்கத்தில் வெல்லப்பாகு. சாயங்காலம் படைக்கப் பொரி உருண்டை பிடிக்க ஆரம்பித்திருக்கிறார். நாலைந்து பிடித்திருந்தார். மீதிப் பொரி மடியிலும் தரையிலும் சிதறிக் கிடந்தது. கையில் பாகு காய்ந்து ஒட்டியிருந்தது. ஜாக்கெட் முதுகோடு ஈரமாக ஒட்டியிருந்தது.

"அக்கா?"

நிமிர்ந்து பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை, என் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தார்.

"யாருடி நீ? யாரக் கேட்டு உள்ள வந்த?"

அக்கா என்னை அப்படிப் பேசியதே இல்லை.

"அக்கா, காலையில ஊசி போட்டீங்களா?"

"போட்டேன். போடாம? போ வெளிய."

வழக்கம்போல ஊசி போட்டிருக்கிறார். அதற்கு மேல் எதுவும் சாப்பிடவில்லை. ஊசி மட்டும் உள்ளே தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

அலமாரியிலிருந்து மெஷினை எடுத்தேன். கையை இழுத்துக்கொண்டார். ஈரத்துணியால் பாகைத் துடைத்து, முழங்கையை என் கக்கத்தில் இடுக்கிப் பிடித்துக் குத்தினேன். நாற்பத்தொன்று. அந்த எண்ணைப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கை ஆடவில்லை. போனை எடுத்து நூற்றியெட்டைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டு, தரையில் வைத்தேன். தம்ளரில் நாலு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்கிக்கொண்டே பேசினேன்.

"நெனவு இருக்கா? முழுங்குறாங்களா?" என்றாள் போனில் இருந்த பெண்.

"நெனவு இருக்கு. கோவப்படுறாங்க."

"முழுங்குனா சக்கரத் தண்ணி குடுங்க. நெனவு தப்பிட்டா வாயில எதையும் ஊத்தாதீங்க, ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. தீபம்கிறதால வண்டி உள்ள வர லேட்டாகும்மா. பக்கத்துல இருக்குற மெடிக்கல் கேம்ப்புக்குச் சொல்றேன், நடந்து வருவாங்க."

தம்ளரை அக்காவின் வாயருகே கொண்டுபோனேன். தட்டிவிட்டார். சர்க்கரைத் தண்ணீர் புடவையிலும் பொரியிலும் கொட்டியது.

"தீபம் பாக்காம வாயில வைக்க மாட்டேன்." இதை மட்டும் தெளிவாகச் சொன்னார். மற்றதெல்லாம் குழறியது.

மறுபடி ஒரு தம்ளர் கலக்கினேன். வெளியே நல்ல வெயில். ஜன்னல் வழியாகத் தெருவில் ஜனங்கள் அரோகரா சொல்லிக்கொண்டு போவது கேட்டது.

"தீபம் பாத்தாச்சுக்கா," என்றேன்.

என்னைப் பார்த்தார்.

"ஏத்திட்டாங்களா?"

"ஏத்திட்டாங்க. நீங்களும் நானும் மொட்டைமாடிக்குப் போய்ப் பாத்தோமே. கன்னத்துல போட்டுக்கிட்டீங்களே."

கொஞ்ச நேரம் யோசித்தார். அந்த யோசனை ஒரு குழந்தையின் யோசனைபோல இருந்தது. பிறகு இரண்டு கையாலும் தம்ளரைப் பிடித்துக் குடித்தார். நான் பின்னந்தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். முழுவதும் குடித்தார்.

கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்தினேன். அறுபத்தாறு. இன்னும் அரைத் தம்ளர் கொடுத்தேன். அதற்குப் பின் பார்த்தபோது எண்பத்தைந்து. கண்ணில் ஆள் வந்துவிட்டது. மாடிக்கு ஓடி, காலையில் எனக்கு வைத்திருந்த இட்லியையும் சாம்பாரையும் எடுத்து வந்தேன். சர்க்கரைத் தண்ணீர் கொஞ்ச நேரம்தான் தாங்கும், அதற்குப் பின்னால் சாப்பாடு இல்லாவிட்டால் மறுபடி இறங்கும். அந்தப் பாடம் எனக்கு மிட்டாயில் கிடைத்திருந்தது. அக்கா மறுக்காமல் சாப்பிட்டார். இரண்டாவது இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் பார்வை ஜன்னலுக்குப் போனது. வெயில் அடுப்படி மேடை வரை விழுந்திருந்தது.

பிட்ட துண்டைத் தட்டிலேயே வைத்தார்.

"மணி என்ன?"

"மூணரை ஆகப்போகுது."

மெதுவாக, "பொய் சொல்லிட்ட," என்றார்.

"ஆமாக்கா."

"சாமிகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?"

"நான் பொய் சொன்னேன்னு சொல்லுங்க."

அழ ஆரம்பித்தார். சத்தமில்லாமல் அழுதுகொண்டே மீதி இட்லியைச் சாப்பிட்டார். நான் தரையில் சிதறிய பொரியைக் கூட்டினேன். கேம்ப்பிலிருந்து ஒரு நர்ஸும் இன்னொருவரும் நடந்து வந்தார்கள். பிரஷர் பார்த்தார்கள். ஊசியின் வேகம் இன்னும் சில மணி நேரம் இருக்கும், நடுநடுவே சாப்பிட்டு, மெஷினில் பார்த்துக்கொண்டே இருங்கள், ராத்திரி ஊசி போடும் முன் டாக்டருக்குப் போன் பண்ணிக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போன பிறகு எனக்கு ஆரம்பித்தது. விரல், பிறகு முழங்கால், பிறகு தாடை. பல்லும் பல்லும் மோதிக்கொண்டன. அக்காதான் மெஷினை எடுத்து என் விரலில் குத்தினார். தொண்ணூற்று ஆறு.

"உனக்குச் சுகர் நல்லாத்தான் இருக்கு," என்றார்.

"தெரியும்க்கா."

பயந்திருந்தேன். அவர் செத்துப்போயிருக்கலாம் என்று பயந்திருந்தேன். பல மாதமாக எனக்குள் ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தேன், இது மட்டும் எப்படியோ இருந்திருக்கிறது. அது நல்லதா கெட்டதா என்று அப்போது தெரியவில்லை. நடுங்கும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா அதன்மேல் தன் கையை வைக்கவில்லை. அவருக்கு என்மேல் கோபம்.

ஆறு மணிக்கு எல்லோரும் மொட்டைமாடிக்குப் போனார்கள். அக்காவும் கணவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார். மலை உச்சியில் ஜோதி தெரிந்ததும் தெரு முழுக்கச் சத்தம் எழுந்தது. அக்கா கை கூப்பி வெகுநேரம் நின்றார். நான் தண்ணீர்த் தொட்டியின் ஓரமாக நின்று பார்த்தேன். தூரத்தில் ஒரு நெருப்பு எரிந்தது. அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது.

அடுத்த சில நாட்கள் அக்கா என்னிடம் பேசவில்லை. ஊசி நேரத்துக் கதைகள் நின்றன. ஆனால் காலையில் நான் இறங்கும்போது கீழ்ப் படியில் ஒரு கிண்ணம் மூடி வைத்திருக்கும். சுண்டலோ, அவித்த கடலையோ, ஒரு நாள் கேழ்வரகு அடை. எடுத்துப்போய்ச் சாப்பிட்டு, கழுவி அதே படியில் வைத்தேன். ஒரு நாள் கிண்ணம் இல்லை. அக்கா நின்றிருந்தார்.

"டாக்டர்கிட்ட போணும். நீயும் வா. நீதான் எல்லாத்தையும் பாத்த, நீயே சொல்லு."

சொன்னேன், பொய் சொன்னதையும் சேர்த்து. டாக்டர் சிரிக்கவில்லை. ஊசியின் அளவை மாற்றி எழுதினார். விரதம் இருந்தே ஆக வேண்டும் என்றால் முன்கூட்டி வந்து கேளுங்கள், ஊசியை எப்படி மாற்றுவது, எந்த நேரம் என்ன சாப்பிடுவது என்று பார்ப்போம், ஆனால் முழுப் பட்டினி உங்களுக்கு ஆகாது என்றார். அக்கா இந்தத் தடவை தலையாட்டவில்லை. "பால் குடிச்சா விரதம் கெடுமா?" என்று கேட்டார். அது எனக்குத் தெரியாதே என்றார் டாக்டர். "அப்போ நானே முடிவு பண்ணிக்கிறேன்," என்றார் அக்கா.

இப்போது ராத்திரிச் சாப்பாடு கீழ் வீட்டில்தான், மூன்று பேருக்குமாக. ஒரு நாள் நான் சமைப்பேன், ஒரு நாள் அவர். அவர் கணவர் இரண்டையும் குறை சொல்வார். என்னுடைய நடுக்கம் அநேகமாகப் போய்விட்டது. எப்போதாவது வந்தால் கடைசியாகச் சாப்பிட்டது எப்போது என்று பார்க்கிறேன். நேரம் ஆகியிருந்தால் சாப்பிடுகிறேன். ஆகவில்லை என்றால் காத்திருக்கிறேன். மற்றபடி நான் சந்தோஷமாக இருக்கிறேனா என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அன்று டாக்டரிடமிருந்து ஷேர் ஆட்டோவில் திரும்பி வரும்போது அக்கா ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அவன் போன் கீன் பண்ணானா?"

"இல்லக்கா."

"பண்ணா எடுப்பியா?"

"தெரியலக்கா."

மார்க்கெட் வந்ததும் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். முருங்கைக்கீரை வாங்க வேண்டும், எனக்கு ரத்தம் கம்மியாக இருக்கிறதாம். இருவரும் இறங்கினோம்.